ஜன்னலுக்கு முதுகு காட்டி

அம்மா எங்கே போனாலும் ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாள். கல்யாண வீடானாலும் சரி, டாக்டர் வீடானாலும் சரி, உள்ளே நுழைந்ததும் அவள் கண் முதலில் ஜன்னலைத்தான் தேடும். சிறு பிள்ளையில் நான் அவள் காற்றுக்காக அப்படிச் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன். கோவில்பட்டி வெக்கையில் அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை.

விஷயம் காற்று இல்லை, வெளிச்சம். எங்கள் ஊரில் பகல் என்றால் சாதாரணப் பகல் கிடையாது. சித்திரையில் கரிசல் காடு வெடித்துக் கிடக்கும்போது மத்தியான நேரம் வெளியே பார்த்தால் கண் கூசி நீர் வடியும். அந்த வெளிச்சத்துக்கு முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்தால் எதிரே இருப்பவருக்கு உருவம் மட்டும்தான் தெரியும். மூக்கும் முழியும் தெரியாது. அம்மாவுக்கு வேண்டியது அதுதான்.

அவளுக்கு இடது பக்க உதட்டோரத்தில் ஆரம்பித்து தாடை வரைக்கும் வெண்படை இருந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அது அங்கே இருந்தது. மாநிறத்துக்கும் ஒரு படி கீழான அவள் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும். வலி கிடையாது, அரிப்பு கிடையாது, ஒருத்தருக்கும் ஒட்டாது. ஆனால் திருவிளக்கு பூஜையில் அவள் குங்குமத் தட்டை நீட்டினால் சில பெண்கள் பக்கத்துத் தட்டில் எடுத்துக்கொள்வார்கள். சிரிக்கும்போது அம்மாவின் கை தானாகத் தாடைக்குப் போய்விடும். வாயை மூடிச் சிரிக்கிற அடக்கமான பொம்பளை என்று ஊரில் பேர் வாங்கியிருந்தாள். எனக்கு அந்தப் பேரைக் கேட்டாலே எரிச்சலாக வரும்.

எனக்கு முதலில் வந்த சம்பந்தம் அதனால்தான் முறிந்தது. வந்தார்கள், பார்த்தார்கள், காபி குடித்தார்கள், மிக்சரைக்கூட மிச்சம் வைக்கவில்லை. பிறகு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள்: "பொண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா அம்மைக்கு இருக்கது நாளைக்குப் பொண்ணுக்கும் வந்துட்டா?" அன்றைக்கு நான் போட்ட சத்தம் எங்கள் புண்ணாக்குக் கடை வரை கேட்டதாக அப்பா சொன்னார். அம்மாவோ அதற்குப் பிறகு ஜன்னலை விட்டு நகரவே மாட்டாள்.

நான் அப்போது மெயின் ரோட்டில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். பி.காம் முடித்துவிட்டு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவளை, கணக்கு எழுதத்தான் கூப்பிட்டார் ஸ்டூடியோ அண்ணாச்சி. கொஞ்ச நாளில் போட்டோஷாப்பில் எனக்குக் கை வருகிறது என்று கண்டுபிடித்து டச்சிங் வேலையில் உட்கார வைத்துவிட்டார். டச்சிங் என்றால் பெரிய கலை என்று நினைத்துவிடாதீர்கள். பருவை அழிப்பது, கண்ணுக்குக் கீழே கருவளையத்தை எடுப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக ஆளை வெளுப்பது. ஜில்லாவில் உள்ள மணப்பெண்கள் எல்லாம் என் கையால் ஒரே நிறம் ஆனார்கள். "இன்னும் கொஞ்சம் ஏத்தும்மா, கலராத் தெரியட்டும்" என்பார் அண்ணாச்சி. ஏற்றுவேன். வந்து வாங்குகிறவர்களுக்கும் சந்தோஷம். வீட்டுக்குக் கொண்டுபோய், இது நம்ம பிள்ளைதானா என்று எத்தனை பேர் உற்றுப் பார்த்தார்களோ தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் விளாத்திகுளத்து அத்தை, அப்பாவின் அக்கா, இன்னொரு சம்பந்தத்தோடு பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கினாள். மாப்பிள்ளைக்குப் புதியம்புத்தூர். ரெடிமேட் சட்டை தைக்கிற யூனிட் வைத்திருக்கிறார்கள், நல்ல மாதிரி. அவர்களும் முதலில் படம்தான் கேட்டார்கள். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். படம் போய்ப் பிடித்தால்தான் ஆள் வரும். ஆனால் இவர்கள் பெண்ணை மட்டும் கேட்கவில்லை. அம்மா அப்பாவோடு சேர்ந்த மாதிரி ஒரு குடும்பப் படம் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

எங்களிடம் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பொங்கலன்றைக்கு அண்ணாச்சி புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போனார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். அம்மா ஜன்னலுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "இந்தச் செவுத்துப் பக்கம் வாங்களேன் மதினி" என்று அவர் கூப்பிட்டதற்கு, "இங்கனயே இருக்கட்டும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டாள். அவரும் வற்புறுத்தவில்லை. புதுக் கேமரா ஜோரில் பிளாஷும் போடவில்லை. "இதுக்கு அதெல்லாம் வேண்டியதே இல்ல, தானாவே எல்லாம் பாத்துக்கிடும்" என்று பெருமையாகச் சொன்னார்.

கேமரா பார்த்துக்கொண்டது ஜன்னலை. அவ்வளவு வெளிச்சத்தைக் கண்டதும் மொத்தப் படத்தையும் இருட்டிவிட்டது. வாசல் பக்கம் நின்ற அப்பாவும் நானும் வெளியிலிருந்து வந்த ஒளியில் எப்படியோ தப்பித்துவிட்டோம். ஜன்னலுக்கு முன்னால் அம்மா இருந்த இடத்தில் கொண்டை போட்ட ஒரு கறுப்பு உருவம் உட்கார்ந்திருந்தது.

அத்தை அந்தப் படத்தை வாங்கி வாசலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னட்டி இது? உங்க அம்மையா, கட்டடத்துல கட்டித் தொங்கவிடுத திருஷ்டிப் பொம்மையா? இத அனுப்புனா அவிய என்ன நெனப்பாவ?"

"அப்ப புதுசா எடுப்போம் அத்தை" என்றேன்.

"நான் வரல" என்றாள் அம்மா, ஜன்னல் பக்கத்திலிருந்து. "அதுல நான் இருக்கேன்லா. அது போதும்."

என்ன சொல்லியும் அவள் மசியவில்லை. அத்தை கடைசியில் என்னை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "நீதான் அந்தக் கம்ப்யூட்டர்ல உக்காந்து என்னென்னமோ செய்யுதியே. இருட்ட எடுத்துட்டு மொகத்தக் கொண்டு வா. அந்த வெள்ளைய மட்டும் துடைச்சு விட்டுரு. ஒரு படந்தானே, யாருக்குத் தெரியப் போவுது?" குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதுவும் தட்டிப் போச்சுன்னா உங்க அம்ம தாங்க மாட்டா" என்றாள். அது நிஜம். எனக்குக் கல்யாணம் ஆகாவிட்டால் அது தன் முகத்தால்தான் என்று அம்மா முடிவே கட்டியிருந்தாள்.

மறுநாள் ஸ்டூடியோவில் அந்தப் படத்தைத் திறந்தேன். எங்கள் கம்ப்யூட்டர் அறை உள்ளே தள்ளி இருக்கும். அதற்கு ஜன்னல் கிடையாது.

இந்த மாதிரிப் படத்தில் ஒரு விசித்திரம் உண்டு. பார்க்கிறவர்கள், ஜன்னல் பிரகாசமாக இருப்பதால் அங்கேதான் நிறைய இருக்கிறது என்று நினைப்பார்கள். உண்மையில் அங்கே ஒன்றும் இருக்காது. ஜன்னலுக்கு வெளியே எங்கள் வேப்ப மரம் நிற்கிறது, எதிர் வீட்டு மாடி இருக்கிறது. படத்தில் எல்லாம் வெந்து வெறும் வெள்ளையாகிவிட்டது. அதை எந்தக் கொம்பன் வந்தாலும் மீட்க முடியாது. இருட்டில்தான் இன்னும் கொஞ்சம் ஒளிந்திருக்கும்.

படம் முழுவதையும் வெளிச்சமாக்கினால் அப்பாவும் நானும் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடுவோம். அதனால் வெளிச்சத்தைக் கூட்டுகிற ஒரு லேயரை, கண்ணாடித் தாள் மாதிரி, படத்தின் மேலே போட்டு, அதன் மாஸ்க்கை முழுக்கக் கறுப்பாக்கினேன். மாஸ்க் என்பது அந்த லேயருக்கு ஒரு திரை மாதிரி. கறுப்பாக இருக்கும் இடத்தில் லேயர் வேலை செய்யாது, வெள்ளை பூசிய இடத்தில் மட்டும் வேலை செய்யும். அம்மாவின் முகத்தை ஓரம் பிடித்து வெட்டி, அங்கே வெள்ளையை நிரப்பினேன்.

முகம் வெளிச்சமானது. ஆனால் ஓரத்தில் கறுப்புக் கோடு ஒரு பக்கம், சாம்பல் வளையம் ஒரு பக்கம். காலண்டரில் வருகிற அம்மன் படம் மாதிரி தலையைச் சுற்றி ஒளிவட்டம் வேறு. எட்டிப் பார்த்த அண்ணாச்சி, "கையில ஒரு சூலத்தக் குடுத்துட்டா மாட்டிப்புடலாம்" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பொறுமையாக ஆரம்பித்தேன்.

இந்த முறை ஓரம் மங்கிய பிரஷ்ஷை எடுத்து, அழுத்தத்தை மிகவும் குறைத்து, கன்னத்தின் நடுவிலிருந்து மெல்ல மெல்ல வெள்ளை பூசிக்கொண்டு வந்தேன். ஒரு தடவைக்கு ஒன்றும் தெரியாது. மேலே மேலே பூசப் பூச இருட்டு விலகும். முடி ஓரத்துக்கு வந்ததும் பிரஷ்ஷைச் சின்னதாக்கிக்கொண்டேன். அங்கே ஜன்னல் வெளிச்சம் ஏற்கெனவே மயிர் இழைகளுக்குள் கசிந்திருக்கும். அதற்கு மேலும் வெளிச்சம் ஏற்றினால் முடி நரைத்துவிடும்.

முகம் வருவதற்கு முன்னால் வெண்படைதான் வந்தது. சுற்றியிருந்த தோலைவிட அது வெளுப்பு என்பதால் இருட்டிலிருந்து முதலில் எழுந்தது. கண்ணும் மூக்கும் இன்னும் நிழலுக்குள் கிடக்க, தாடையில் அந்த வெள்ளை மட்டும் தனியாகத் தெரிந்தது. ஊர்க்காரர்கள் அம்மாவை இப்படித்தான் பார்த்திருப்பார்கள் என்று தோன்றியது. நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவள் முகம் முழுதாகத்தான் தெரியும்.

பிறகு கண் வந்தது. மூக்குத்தி வந்தது. இருட்டைத் தூக்கினால் கூடவே குப்பையும் எழும். சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி புள்ளியாகக் கன்னமெல்லாம் மணல் இறைத்த மாதிரி இருந்தது. அந்தப் புள்ளிகளின் நிறத்தை மட்டும் மங்கடித்தேன், கண்ணிமையும் உதட்டுக் கோடும் கூர்மையாகவே இருக்கும்படி. எங்கள் வீட்டுச் சுவருக்குப் பச்சை டிஸ்டெம்பர். அம்மாவின் முகத்தில் விழுந்திருந்தது அந்தச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்தான். அதனால் முகமே பச்சையோடிக் கிடந்தது. பச்சையைக் குறைத்ததும் அவள் நிறம் திரும்பியது.

"இன்னும் கொஞ்சம் ஏத்தலாம்லா?" என்றார் அண்ணாச்சி, பழக்க தோஷத்தில்.

"மாட்டேன் அண்ணாச்சி. எங்க அம்மா இந்தக் கலர்தான். இதுக்கு மேல ஏத்துனா முகத்த வெட்டி ஒட்டுன மாதிரி இருக்கும்" என்றேன். பின்னால் அவ்வளவு பெரிய வெளிச்சம் இருக்கும்போது முகம் கொஞ்சம் நிழலாக இருந்தால்தான் கண் நம்பும். அவருக்கும் அது தெரியும். தலையை ஆட்டிவிட்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

கடைசியாக அத்தை சொன்ன வேலை. அதற்குத் தனியாக ஒரு லேயர் போட்டேன். பக்கத்துக் கன்னத்திலிருந்து தோலை எடுத்து வெண்படை மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசினேன். மணப்பெண்களுக்குச் செய்து செய்து கை பழகியிருந்ததால் சீக்கிரமே முடிந்துவிட்டது. முடித்து நிமிர்ந்து பார்த்தால், யாரோ ஒரு பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயலில் சித்தி மாதிரி இருந்தாள். அம்மா மாதிரி இல்லை. இந்த அம்மாளைக் காட்டித்தான் எனக்கு மாப்பிள்ளை பிடிக்க வேண்டுமா என்று கோபம் கோபமாக வந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மாவே வந்து நின்றாள், கையில் சாப்பாட்டுத் தூக்கோடு. ஸ்டூடியோ பக்கமே எட்டிப் பார்க்காதவள். அத்தை சொல்லியிருப்பாள்; வெள்ளையை ஒழுங்காக எடுத்தாயிற்றா என்று பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள். உள்ளே வந்ததும் வழக்கம்போல் ஜன்னலைத் தேடினாள். அங்கேதான் ஜன்னல் இல்லையே. வேறு வழியில்லாமல் என் பக்கத்து ஸ்டூலில், திரையைப் பார்த்து உட்கார்ந்தாள். திரையின் வெளிச்சம் அப்படியே அவள் முகத்தில் விழுந்தது.

திரையில் இருந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு கை மெதுவாகத் தாடைக்குப் போனது.

"நான் இப்படித்தான் இருந்தேன் ஏட்டி" என்றாள்.

நான் மவுஸை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"நீ வயித்துல இருக்கையிலதான் இது வந்துச்சு. அதுக்கு முந்தி நான் இதுதான். உனக்குத் தெரியாது."

நான் யாரோ என்று நினைத்துக் கோபப்பட்ட முகம் அவளுடையது. இத்தனை வருஷமாக அவள் கண்ணாடியில் தேடிக்கொண்டிருந்த முகம். எனக்கு வெண்படையோடு இருப்பவள்தான் அம்மா; அவளுக்கோ அது தன் மேல் வந்து உட்கார்ந்த வேறு எதுவோ. அவளிடமிருந்து என்ன போயிற்று என்று அதுவரை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"மத்தது எங்க?" என்று கேட்டாள்.

லேயருக்குப் பக்கத்தில் கண் மாதிரி ஒரு சின்னக் குறி இருக்கும். அதை அழுத்தினால் அந்த லேயர் மறையும், மறுபடி அழுத்தினால் வரும். அழுத்தினேன். வெண்படை வந்தது.

"திரும்பவும் காட்டு."

போனது. வந்தது. போனது. மாற்றி மாற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சினிமா பார்க்கிற பிள்ளை மாதிரி முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டையும் பிரிண்டு போடு" என்றாள் கடைசியில். "வெள்ளை இல்லாதது எனக்கு. அவியளுக்கு உனக்குத் தெரிஞ்ச அம்மைய அனுப்பு."

"அம்மா, அத்தை வைவா. அது போக, இந்தச் சம்பந்தமும்..." என்று இழுத்தேன்.

"போனாப் போவட்டும். படத்தப் பாத்துட்டு வந்து, என்னைய நேர்ல பாத்து முழிச்சாவன்னா நான் எங்கன போய் உக்கார? எந்த ஜன்னலத் தேட?" தூக்கைத் திறந்து என் முன்னால் வைத்தாள். "சாப்பிடு. ஆறிப் போவுது."

படத்தைக் கவரில் போட்டு அப்பாவே கூரியரில் அனுப்பினார். அத்தை கையில் கொடுத்தால் பிரித்துப் பார்ப்பாள் என்று அம்மாவுக்குத் தெரியும். பிறகு விஷயம் தெரிந்து அத்தை ஆடின ஆட்டத்தை எழுதினால் இந்தக் கட்டுரை அத்தையைப் பற்றியதாகிவிடும். "ஆத்தாளும் மவளுமாச் சேந்து வார சீதேவியக் கால வச்சுத் தள்ளுதீக" என்று சொல்லிவிட்டு, கொண்டு வந்திருந்த கடம்பூர் போளியைத் திரும்பவும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

புதியம்புத்தூரிலிருந்து தகவலே இல்லை. போன் அடித்தால் அம்மா எழுந்திருக்க மாட்டாள், என்னைப் பார்ப்பாள். கடைக்குப் புண்ணாக்கு கேட்டு வரும் போனாக இருக்கும். அவள் குழம்புக்கு உப்புப் போட மறந்தாள், அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நான் எனக்குக் கவலையே இல்லை என்கிற மாதிரி திரிந்தேன். கவலை இருந்தது. எனக்காக இல்லை. வேண்டாம் என்று பதில் வந்தால், துணிந்து வெளிச்சத்துக்கு வந்த அந்த ஒரு தடவையும் அவளுக்குத் தப்பாகப் போய்விடுமே என்றுதான். அவள் கேட்டு வாங்கிய இன்னொரு படம் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் போய்விட்டது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அப்புறம் ஒரு நாள் வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அத்தையும் போளியும் திரும்பி வந்தார்கள்.

அன்று காலையிலேயே அம்மா நாற்காலிகளைத் துடைத்து வரிசையாகப் போட்டாள். தனக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலுக்கு முன்னால் போட்டுக்கொண்டாள். நான் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். "பழக்கம்" என்று முணுமுணுத்தாளே தவிர நாற்காலியை நகர்த்தவில்லை. எனக்கும் சொல்ல மனம் வரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா பெரிய உருவம். யூனிட்டில் துணி வெட்டுவது அவர்தானாம். ஆளைப் பார்த்ததுமே அளவு எடுத்துவிடுகிற கண். காபி டம்ளரை வாங்கிக்கொண்டார். மணப்பெண் நான் பட்டுச்சேலையில் வேர்த்து வடிந்துகொண்டு நிற்கிறேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"மதினி, அங்கன ஒரே கண்கூச்சமா இருக்கு, உங்க மொகமே தெரிய மாட்டேங்குது. இங்கன என் பக்கத்துல வந்து உக்காருங்க."

அம்மா அசையவில்லை. அத்தை வாசலைப் பார்த்துக்கொண்டாள். அப்பா தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, வெறும் நாற்காலியைக் கையால் தட்டினார்.

அம்மா எழுந்து வந்தாள். அந்தச் சின்ன அறையைக் கடப்பதற்குள் முந்தானையை இரண்டு தடவை சரிசெய்துகொண்டாள். வந்து உட்கார்ந்தபோது ஜன்னல் வெளிச்சம் முழுவதும் அவள் முகத்தில் இருந்தது. கண்கூசியதோ என்னவோ, லேசாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த அம்மாள் திரும்பி உட்கார்ந்து, நிதானமாக, ஒளிக்காமல் பார்த்தார்.

"படத்துல பாத்த மாதிரியேதான் இருக்கீய" என்றார்.

டச்சிங் வேலையில் இருந்த வருஷங்களில் அந்த வார்த்தையை யாரும் யாரைப் பார்த்தும் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா சிரித்தாள். பல் தெரிய, சத்தமாக. அவள் இரண்டு கையும் மடியிலேயே இருந்தன.